இரண்டு இருபடிச் சமன்பாடுகள், x பெரிதா y பெரிதா? வங்கித் தேர்வு எழுதுவோருக்கான முழுமையான வழிகாட்டி

ஐபிபிஎஸ், எஸ்பிஐ போன்ற வங்கித் தேர்வுகளின் கணிதப் பகுதியில் அடிக்கடி வரும் ஒரு கேள்வி வகை இது. இரண்டு சமன்பாடுகள் கொடுத்திருப்பார்கள். ஒன்று x-இல், இன்னொன்று y-இல். இரண்டையும் தீர்த்து, x-க்கும் y-க்கும் என்ன உறவு என்று ஐந்து விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்:

x > y
x ≥ y
x < y
x ≤ y
x = y அல்லது உறவை நிறுவ முடியாது

ஒரே மாதிரியான கேள்விகள் தொகுப்பாக வருவதால், முறை கைவந்தவர்களுக்கு இது மதிப்பெண் அள்ளும் இடம். ஐபிபிஎஸ் பிஓ முதனிலைத் தேர்வில் கணிதத்தின் 35 கேள்விகளுக்கு 20 நிமிடம்தான். ஒரு கேள்விக்கு முழுதாக 35 விநாடிகூட இல்லை. தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண்ணும் போகும். காரணிப்படுத்தத் தெரியாமல் இங்கே தோற்பவர்கள் குறைவு. மூலங்களைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, ஒப்பிடும் இடத்தில் சறுக்குபவர்கள்தான் அதிகம். அதனால் ஒப்பிடுவதிலிருந்தே தொடங்குவோம்.

ஒப்பிடுவது என்றால் என்ன

இருபடிச் சமன்பாட்டுக்கு இரண்டு மூலங்கள். அதாவது x என்பது இரண்டு எண்களில் எதுவாகவும் இருக்கலாம். y-யும் அப்படியே. எனவே மொத்தம் நான்கு ஜோடிகள் உருவாகின்றன. "x > y" என்று சொல்ல வேண்டுமானால் நான்கு ஜோடியிலும் x பெரிதாக இருக்க வேண்டும். சில ஜோடிகளில் பெரிது, ஏதோ ஒன்றில் சமம் என்றால் x ≥ y. ஒரு ஜோடியில் பெரிது, இன்னொரு ஜோடியில் சிறிது என்று வந்துவிட்டால் உறவை நிறுவ முடியாது.

நான்கு ஜோடிகளையும் எழுதிப் பார்க்கச் சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. அது தேவையில்லை. இரண்டு ஒப்பீடு போதும். x-இன் சிறிய மூலத்தை y-யின் பெரிய மூலத்தோடு ஒப்பிடுங்கள். சிறியதே அதைவிடப் பெரிது என்றால் மற்ற மூன்று ஜோடிகளிலும் x தானாகவே பெரிது. விடை x > y. இரண்டும் சமம் என்றால் x ≥ y. இரண்டும் இல்லையென்றால் மறுபக்கம் போங்கள்: x-இன் பெரிய மூலம், y-யின் சிறிய மூலம். பெரியதே சிறியது என்றால் x < y, சமம் என்றால் x ≤ y. இங்கேயும் பொருந்தவில்லையா? கடைசி விடை.

ஒரு எளிய உதாரணம்:

x² − 9x + 20 = 0
y² − 7y + 12 = 0

x = 4, 5. y = 3, 4. x-இன் சிறியது 4, y-யின் பெரியது 4. சமம். ஆக x ≥ y. மற்ற ஜோடிகளைப் பார்க்கவே வேண்டாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரண்டு சமன்பாட்டுக்கும் ஒரே மூலங்கள் வந்தால் x = y என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். x = 3, 4; y = 3, 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். x 3 ஆகவும் y 4 ஆகவும் இருக்கலாம், நேர்மாறாகவும் இருக்கலாம். எனவே உறவை நிறுவ முடியாது என்பதுதான் சரி. மேலே பார்த்தபடி "x = y" என்பதையும் "நிறுவ முடியாது" என்பதையும் ஒரே விடையாகச் சேர்த்துக் கொடுத்தால் தப்பித்துவிடலாம். இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம். x = y என்பது உண்மையாக வர வேண்டுமானால் இருபக்கமும் ஒரே ஒரு மதிப்புதான் இருக்க வேண்டும். உதாரணமாக x² − 8x + 16 = 0 என்பது முழு வர்க்கம், அதன் மூலம் 4 மட்டும். y-க்கும் 4 மட்டுமே வந்தால்தான் சமம்.

மூலங்களைக் கண்டுபிடிப்பது

பள்ளியில் செய்ததுபோல நடு உறுப்பைப் பிரித்து, பொதுக் காரணி எடுத்து, அடைப்புக்குறி போட்டு எழுதிக்கொண்டிருக்க இங்கே நேரம் கிடையாது. ax² + bx + c = 0 என்றால் மூன்றே வேலை. a-யையும் c-யையும் பெருக்குங்கள். அந்தப் பெருக்கலைத் தரும், கூட்டினால் b வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடியுங்கள். அப்புறம் அந்த இரண்டின் குறியையும் மாற்றி, a-யால் வகுங்கள். அவ்வளவுதான் மூலங்கள்.

குறியை மாற்றுவதை மறப்பதுதான் இந்த வகைக் கேள்வியில் மிக அதிகமாக நடக்கும் தவறு. அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. 6x² + 17x + 12 = 0 என்பதைப் பாருங்கள். எல்லாம் கூட்டல். x-க்கு எந்த மிகை எண்ணைக் கொடுத்தாலும் மூன்று மிகை எண்கள் சேர்ந்து பூச்சியம் ஆகாது. ஆக மூலங்கள் குறை எண்களாகத்தான் இருக்க முடியும். உங்களுக்கு மிகை எண் வந்திருந்தால் குறியை மாற்ற மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பெரிய எண்கள் வரும்போது அந்த இரண்டு எண்களைக் கண்டுபிடிப்பதில்தான் நேரம் கரையும். அதற்கு ஒற்றை இரட்டை பார்ப்பது பெரிய உதவி. ஒரு முழுக் கணக்கை இப்படிச் செய்து பார்ப்போம்:

12x² − 47x + 40 = 0
3y² − 17y + 24 = 0

முதல் சமன்பாட்டில் 12 × 40 = 480. பெருக்கினால் 480, கூட்டினால் 47 வரும் இரண்டு எண்கள் வேண்டும். 47 ஒற்றைப்படை. இரண்டு எண்கள் கூடி ஒற்றைப்படை வர வேண்டுமானால் ஒன்று ஒற்றை, மற்றது இரட்டை. அப்படியானால் 480-இல் உள்ள எல்லா 2-களும் ஒரே எண்ணுக்குள் போய்விட வேண்டும். 480 = 32 × 15. எனவே 32 ஒரு பக்கம் முழுதாக இருக்கும். 15-ஐத்தான் பங்கு பிரிக்க முடியும். 32-உம் 15-உம், 96-உம் 5-உம், 160-உம் 3-உம், 480-உம் 1-உம் என நான்கே வாய்ப்புகள். முதலாவதே 47. கிடைத்துவிட்டது. 20 × 24, 16 × 30 என்று தேடிக்கொண்டிருப்பதெல்லாம் வீண்.

நடு எண் இரட்டைப்படையாகவும் பெருக்கல் இரட்டைப்படையாகவும் இருந்தால் நேர்மாறு: இரண்டு எண்களுமே இரட்டை. அப்போது ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு 2 போயாக வேண்டும் என்பதால் தேடும் இடம் அப்போதும் சுருங்கிவிடும்.

சரி, தொடர்வோம். கெழு −47 என்பதால் பிரிந்த எண்கள் −32, −15. குறி மாற்றினால் 32, 15. 12-ஆல் வகுத்தால் x = 32/12, 15/12, அதாவது 8/3, 5/4.

இரண்டாவதில் 3 × 24 = 72. கூட்டல் 17, ஒற்றைப்படை. 72 = 8 × 9. கூட்டினால் 17. உடனே கிடைத்தது. குறி மாற்றி 3-ஆல் வகுத்தால் y = 8/3, 3.

இப்போது ஒப்பீடு. x-இன் சிறியது 5/4, y-யின் பெரியது 3. சிறியது பெரிதாக இல்லை. மறுபக்கம்: x-இன் பெரியது 8/3, y-யின் சிறியது 8/3. சமம். விடை x ≤ y.

மூலங்கள் சரிதானா என்று சந்தேகம் வந்தால் சமன்பாட்டில் பிரதியிட்டுப் பார்ப்பதைவிட, கூட்டிப் பார்ப்பது விரைவு. மூலங்களின் கூட்டல் −b/a ஆக இருக்க வேண்டும். இங்கே y-க்கு 8/3 + 3 = 17/3. சரி.

தீர்க்காமலேயே குறி சொல்லும் விடை

கோச்சிங் சென்டர்களில் ஒரு குறி அட்டவணை கொடுப்பார்கள்: கூட்டல், கூட்டல் என்றால் கழித்தல், கழித்தல் என்று. அதை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தேர்வறைப் பதற்றத்தில் வரிசை மாறிப்போகும். காரணம் தெரிந்தால் அட்டவணையே வேண்டாம்.

x²-இன் கெழு மிகை என்று வைத்துக்கொண்டால், கடைசி எண்ணின் குறிதான் முதலில் பார்க்க வேண்டியது. மூலங்களின் பெருக்கல் c/a. கடைசி எண் மிகை என்றால் இரண்டு மூலமும் ஒரே குறி. அது நடு உறுப்பின் குறிக்கு எதிர். கடைசி எண் குறை என்றால் ஒரு மூலம் மிகை, ஒரு மூலம் குறை. இவ்வளவு தெரிந்தால் கேள்விகள் மூன்று விதமாகப் பிரிந்துவிடும்.

முதலாவது, இரண்டு சமன்பாட்டிலும் கடைசி எண் குறை. உதாரணமாக x² + 3x − 28 = 0, y² − 5y − 36 = 0. பேனாவை எடுக்கவே வேண்டாம். x-இன் மிகை மூலம் y-யின் குறை மூலத்தைவிடப் பெரிது. x-இன் குறை மூலம் y-யின் மிகை மூலத்தைவிடச் சிறிது. இரண்டும் ஒருசேர வந்துவிட்டதால் உறவை நிறுவ முடியாது. எண்கள் எதுவாக இருந்தாலும் இது மாறாது.

அடுத்தது, கடைசி எண்கள் இரண்டும் மிகை, நடுக்குறிகள் மட்டும் எதிரெதிர். x² − 13x + 42 = 0, y² + 9y + 20 = 0 என்றால் x இரண்டும் மிகை, y இரண்டும் குறை. x > y. இதற்கும் கணக்கு வேண்டாம். நடுக்குறிகளும் ஒன்றாக இருந்தால் மட்டும் முழுதாகத் தீர்க்க வேண்டியதுதான்.

மூன்றாவது, ஒன்றில் கடைசி எண் குறை, மற்றதில் மிகை. இங்கே அட்டவணை உதவாது, ஆனால் பாதி வேலை மிச்சமாகும். இதைப் பாருங்கள்:

2x² + x − 15 = 0
y² − 5y + 6 = 0

y இரண்டும் மிகை. x-இல் ஒன்று குறை. அந்தக் குறை மூலம் y-யைவிடச் சிறியது என்பது நிச்சயம். எனவே x > y-யும் x ≥ y-யும் வர வாய்ப்பே இல்லை. மீதமிருப்பது ஒரே ஒரு ஒப்பீடு: x-இன் மிகை மூலம், y-யின் சிறிய மூலம். 2 × 15 = 30; கடைசி எண் குறை என்பதால் இரண்டு எண்களின் வித்தியாசம் 1 வர வேண்டும்: 6, 5. நடுக்குறி கூட்டல் என்பதால் பெரிய எண்ணுக்குக் கூட்டல்: +6, −5. குறி மாற்றி 2-ஆல் வகுத்தால் −3, 5/2. y = 2, 3. 5/2 என்பது 2-ஐவிடப் பெரிது. ஆக உறவை நிறுவ முடியாது. y இரண்டும் குறை என்றால் இதையே திருப்பிப் போட்டு, x-இன் குறை மூலத்தை y-யின் பெரிய மூலத்தோடு மட்டும் ஒப்பிட வேண்டும்.

குறை பின்னங்கள்

இரண்டு பக்கமும் குறை எண்கள் வரும்போது கண் ஏமாற்றும். −12 பார்க்கப் பெரிதாகத் தெரியும், ஆனால் −5-ஐவிடச் சிறியது. பின்னமாகவும் இருந்துவிட்டால் இன்னும் குழப்பம். ரஃப் தாளில் மூலங்களை எழுதும்போதே சிறியதை இடப்பக்கமும் பெரியதை வலப்பக்கமும் எழுதும் பழக்கம் இருந்தால் பாதித் தவறுகள் வராது.

4x² + 15x + 14 = 0
7y² + 19y + 12 = 0

முதலாவதில் 4 × 14 = 56, கூட்டல் 15: 8, 7. எனவே x = −8/4, −7/4. அதாவது −2, −7/4. இரண்டாவதில் 7 × 12 = 84, கூட்டல் 19: 12, 7. எனவே y = −12/7, −1.

x-இன் சிறியது −2, y-யின் பெரியது −1. பொருந்தவில்லை. மறுபக்கம் x-இன் பெரியது −7/4, y-யின் சிறியது −12/7. இந்த ஒரு ஒப்பீட்டில்தான் முழு விடையும் இருக்கிறது. எண்களும் வேண்டுமென்றே நெருக்கமாக இருக்கின்றன. குறியை ஒதுக்கிவிட்டு குறுக்குப் பெருக்கல் செய்யுங்கள்: 7 × 7 = 49, 12 × 4 = 48. ஆக 7/4 பெரிது. குறை குறியைத் திரும்பப் போட்டால் வரிசை தலைகீழாகும்: −7/4 சிறிது. விடை x < y.

இன்னொரு பொறி, ஒரு மூலம் பொதுவாக இருந்தால் உடனே ≥ அல்லது ≤ என்று போட்டுவிடுவது. 6x² + 17x + 12 = 0 தரும் x = −3/2, −4/3. 2y² + 5y + 3 = 0 தரும் y = −3/2, −1. −3/2 இரண்டிலும் இருக்கிறது. ஆனால் அது இரண்டு பக்கமும் சிறிய மூலம். பொதுவான எண் ஒரு பக்கத்தில் பெரியதாகவும் மறுபக்கத்தில் சிறியதாகவும் இருந்தால்தான் சமக்குறி செல்லும். இங்கே x = −4/3, y = −3/2 என்றால் x பெரிது; x = −3/2, y = −1 என்றால் x சிறிது. நிறுவ முடியாது.

பூச்சியமும் வர்க்கமூலமும்

x² = 5x என்று கொடுத்தால் இருபக்கமும் x-ஆல் வகுத்து x = 5 என்று எழுதுவது ஆபத்து. x பூச்சியமாக இருக்கலாம் என்பதால் அப்படி வகுக்கக் கூடாது. மூலங்கள் 0, 5. இதனுடன் y² + 3y = 0 வந்தால் y = −3, 0. சரியான விடை x ≥ y. வகுத்துவிட்டவருக்கு 5-உம் −3-உம் மட்டும் கிடைத்து x > y என்று வரும். அதுவும் விடைகளில் இருக்கும் என்பதால் தவறு தெரியவே தெரியாது.

அதேபோல x² = 1296 என்றால் x = 36, −36. ஆனால் y = √1296 என்றால் y = 36 மட்டும். வர்க்கமூலக் குறி எப்போதும் மிகை மதிப்பைத்தான் குறிக்கும். இந்த ஜோடிக்கு விடை x ≤ y. x³ = 216 போன்றவற்றுக்கு மெய்யெண்ணில் ஒரே மூலம், 6.

காரணிப்படுத்த வராதவை

நடு உறுப்பில் வர்க்கமூலம் ஒட்டிக்கொண்டு வருவது மிரட்டலாகத் தெரியும், உள்ளே சாதாரணக் கணக்குதான்.

x² − 7√3 x + 36 = 0
y² − 8y + 15 = 0

√3-ஐ ஒதுக்கிவைத்து, 36-ஐ 3-ஆல் வகுங்கள்: 12. பெருக்கினால் 12, கூட்டினால் 7: 3, 4. √3-ஐத் திரும்ப ஒட்டினால் x = 3√3, 4√3. y = 3, 5. ஒப்பிட வேண்டியது 3√3-உம் 5-உம். தசமத்துக்குப் போகாமல் வர்க்கப்படுத்துங்கள்: 27, 25. இரண்டும் மிகை எண்கள் என்பதால் இது செல்லும். x > y.

முழு எண்களாகப் பிரியவே பிரியாத சமன்பாடு எப்போதாவது வரும். x² − 6x + 4 = 0-க்கு மூலங்கள் 3 + √5, 3 − √5. சூத்திரம் போட்டு தசமம் கண்டுபிடிக்கலாம். அதைவிட நல்ல வழி, y-யின் மூலங்களை x-இன் சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பது. x²-இன் கெழு மிகையாக இருக்கும்போது, ஒரு எண்ணைப் போட்டால் குறை மதிப்பு வந்தால் அந்த எண் இரண்டு மூலங்களுக்கு நடுவில் இருக்கிறது என்று பொருள்.

y² − 9y + 20 = 0 என்று வைத்துக்கொள்வோம். y = 4, 5. x-இன் சமன்பாட்டில் 4-ஐப் போட்டால் 16 − 24 + 4 = −4. குறை. ஆக 4-க்குக் கீழே ஒரு x, மேலே ஒரு x. அந்த நொடியே விடை தெரிந்துவிட்டது: உறவை நிறுவ முடியாது. 5-ஐப் பார்க்கவே வேண்டாம், √5-இன் மதிப்பும் வேண்டாம்.

y = 6, 7 என்றால்? 6-ஐப் போட்டால் 36 − 36 + 4 = 4. மிகை. அப்படியானால் 6 நடுவில் இல்லை, வெளியே இருக்கிறது. எந்தப் பக்கம் என்று அறிய மூலங்களின் நடுப்புள்ளியைப் பாருங்கள். அது கூட்டலில் பாதி, இங்கே 3. 6 அதற்கு மேலே இருப்பதால் இரண்டு x-ஐயும்விடப் பெரிது. 7 இன்னும் பெரிது. விடை x < y. போட்டதும் பூச்சியம் வந்தால் அந்த எண்ணே x-இன் மூலம். அப்போது மட்டும் மற்ற மூலத்தையும் கண்டுபிடித்து வழக்கம்போல ஒப்பிட வேண்டும்.